தெரு உண்டியலும் மருத்துவக் காப்பீடும்

நூறு வீடுகள் உள்ள ஒரு தெரு. வருடத்துக்கு எப்படியும் இரண்டு வீட்டில் யாராவது ஆஸ்பத்திரியில் படுக்கிறார்கள். ஆளுக்கு ஒரு லட்சம் செலவு. எந்த வீடு என்பதுதான் முன்கூட்டியே தெரியாது. அதனால் வீட்டுக்கு 2,000 ரூபாய் போட்டு ஒரு பொது உண்டியல் வைக்கிறார்கள். மூன்றாவதாக ஒருவர் படுத்தால்? கணக்கு எழுதுபவருக்குச் சம்பளம்? அதற்காக இன்னும் 1,500. இந்த 3,500 ரூபாய்தான் பிரீமியம். ஆஸ்பத்திரி பில்லைக் காட்டி உண்டியலில் பணம் கேட்பது கிளைம்.

"எனக்கு ஒண்ணுமே ஆகலையே, போட்டதைத் திருப்பிக் கொடுங்க" என்று வருடக் கடைசியில் ஒருவர் கேட்பார். இது சீட்டு அல்ல. அவர் பணம் எதிர்வீட்டு ஆபரேஷனுக்குப் போய்விட்டது.

நோய் வந்தபிறகு எல்லோரும் சேர்ந்தால் உண்டியல் ஒரே மாதத்தில் காலி. அதனால்தான் புது பாலிசியில் முதல் 30 நாட்களுக்கு, விபத்து தவிர மற்றவற்றுக்குப் பொதுவாகப் பணம் கிடைக்காது. ஏற்கெனவே இருக்கும் சர்க்கரை நோய் போன்றவற்றுக்கு அதிகபட்சம் 3 ஆண்டுகள் வரை காத்திருக்க வேண்டியிருக்கும். காத்திருக்க மனமில்லாமல் நோயை மறைத்தால், பழைய மருந்துச்சீட்டே காட்டிக்கொடுத்துவிடும். கிளைம் நிராகரிக்கப்படலாம், பாலிசியே ரத்தாகலாம்.

விண்ணப்பத்தை ஏஜென்ட் நிரப்பினாலும் நீங்கள் ஒருமுறை வாசித்துவிட்டுக் கையெழுத்திடுங்கள். பாலிசி கைக்கு வந்த 30 நாட்களுக்குள், நிபந்தனை பிடிக்காவிட்டால் திருப்பிக் கொடுத்துவிடலாம்.