‘சரி’ என்றது யார்?

நாற்பது வீடுகள் உள்ள ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பு. 2025 ஜூன் 8, ஞாயிற்றுக்கிழமை காலை நிர்வாகக் குழு கூடுகிறது என்று வைத்துக்கொள்வோம். பேச்சு முழுவதையும் ஒரு செல்போன் பதிவு செய்கிறது. அன்று மாலையே மென்பொருள் அதை எழுத்தாக்கித் தந்துவிடுகிறது. பன்னிரண்டாம் நிமிடத்தில் தொடங்கும் பகுதி இது:

பேச்சாளர் 1: டேங்க் லீக் ஆகுதுன்னு போன வருஷமே சொன்னோம்.
பேச்சாளர் 2: ஒரு கொட்டேஷன் வந்திருக்கு. மொத்தமா அம்பதாயிரம் ஆகும்.
பேச்சாளர் 3: வீட்டுக்கு ரெண்டாயிரம் வருது. எல்லாரும் கொடுப்பாங்களா?
பேச்சாளர் 2: அப்ப இன்னொரு கொட்டேஷன் வேணாம்.
பேச்சாளர் 1: சரி, வாங்கிடலாம். வர்ற ஞாயித்துக்கிழமைக்குள்ள சொல்லிடுங்க.

படித்தவுடன் எல்லாம் புரிந்ததுபோல இருக்கிறது. இதை அப்படியே சுருக்கி மினிட்ஸ் புத்தகத்தில் ஏற்றினால் இரண்டு பெரிய பிழைகள் ஏறிவிடும்.

முதலில் பணம். ஐம்பதைப் பேச்சில் ‘அம்பது’ என்கிறோம், எண்பதை ‘எம்பது’ என்கிறோம். இரண்டுக்கும் முதல் உயிரொலி ஒன்றுதான் வேறுபாடு. மின்விசிறி சுழலும் அறையில், மேசையின் மறுகோடியிலிருந்து வரும் குரலில் அந்த வேறுபாடு எளிதில் கரைந்துவிடும். ஆனால் அடுத்த வரியே சாட்சி சொல்கிறது. நாற்பது வீட்டுக்குத் தலா 2,000 என்றால் 80,000 ரூபாய். ஐம்பதாயிரம் என்றால் வீட்டுக்கு 1,250தான் வரும். இரண்டாவது, ‘வேணாம்’. இன்னொரு கொட்டேஷன் வேண்டாம் என்ற பேச்சுக்கு ‘சரி, வாங்கிடலாம்’ என்ற பதில் பொருந்தவில்லை. பதிவை அந்த இடத்தில் மீண்டும் கேட்டால் ‘வேணும்’ என்பது தெளிவாகிவிடும். ஓர் உயிரொலி மாறியதில் முடிவே தலைகீழாகியிருக்கிறது.

எழுத்தாக்கும் மென்பொருளின் தரத்தை வழக்கமாக நூறு சொல்லுக்கு எத்தனை சொல் தவறு என்ற கணக்கால் அளக்கிறார்கள். அந்தக் கணக்கில் ‘அப்ப’ விட்டுப்போனாலும் ஒரு தவறுதான், ‘வேணும்’ ‘வேணாம்’ ஆனாலும் ஒரு தவறுதான். கூட்டக் குறிப்பு எழுதுபவருக்கு இரண்டும் ஒன்றல்ல. எண், தேதி, பெயர், எதிர்மறை ஆகிய நான்கும் வரும் இடங்களையாவது பதிவோடு ஒத்துப் பார்க்காமல் குறிப்பில் எழுதவே கூடாது.

பேசாத இடத்தில் பேச்சு முளைப்பதும் உண்டு. ‘விஸ்பர்’ என்ற பரவலான எழுத்தாக்க மென்பொருளை அமெரிக்க ஆய்வாளர்கள் சோதித்து 2024இல் முடிவை வெளியிட்டார்கள். ஏறத்தாழ நூறில் ஓர் ஒலித்துண்டில், யாருமே சொல்லாத முழுச் சொற்றொடர்களோ வாக்கியங்களோ எழுத்தில் வந்திருந்தன. பேச்சின் நடுவே நீண்ட மௌனம் இருந்த பதிவுகளில் இது அதிகம். கூட்டத்தில் எல்லோரும் ஒரு காகிதத்தைப் படித்துக்கொண்டிருக்கும் அரை நிமிடம் இப்படிப்பட்ட மௌனம்தான்.

அடுத்தது, ‘பேச்சாளர் 1’ யார் என்ற கேள்வி. மென்பொருள் ஒலியைச் சில நொடித் துண்டுகளாக வெட்டி, ஒவ்வொரு துண்டின் குரல் தன்மையையும் எண்களின் வரிசையாக மாற்றுகிறது. ஒத்த வரிசைகளை ஒரே ஆள் என்று சேர்க்கிறது. ஒருவர் பத்து நொடி தொடர்ந்து பேசினால் குரலை அடையாளம் காணப் போதுமான ஒலி கிடைக்கும். ‘சரி’, ‘ம்’, ‘ஆமாம்’ எல்லாம் ஒரு நொடிகூட நீடிப்பதில்லை. அதுவும் பெரும்பாலும் இன்னொருவர் பேச்சின் மேல் விழுகின்றன. ஆகவே அவை தவறான ஆளின் கணக்கில் சேர்வது சாதாரணம். ஒப்புதல் கிடைப்பதோ அந்தச் சின்னச் சொற்களில்தான்! தீர்மானத்துக்கு மிக முக்கியமான ஒலிதான் மென்பொருளுக்கு மிகக் கடினமான ஒலியாக இருக்கிறது. இதில் இன்னொரு சிக்கலும் உண்டு. ‘ம்’ என்றவர் ஒப்புக்கொண்டார் என்று கொள்ள முடியாது. பெரும்பாலும் ‘கேட்டுக்கொண்டிருக்கிறேன், மேலே சொல்லுங்கள்’ என்பதே அதன் பொருள்.

வருகைப் பட்டியலை எழுத்தாக்கத்திலிருந்து தயாரிக்கக் கூடாது என்பதற்கும் இதுவே காரணம். வாய் திறக்காமல் உட்கார்ந்திருந்த உறுப்பினர் பதிவில் இல்லவே இல்லை. முதலில் போன் ஸ்பீக்கர் வழியாகப் பேசிவிட்டு, பிறகு நேரில் வந்து சேர்ந்தவர் இரண்டு பேச்சாளராகத் தெரியலாம். போதிய உறுப்பினர் வருகை இருந்ததா என்பதே இந்தப் பட்டியலைப் பொறுத்தது. கையெழுத்துப் பதிவேடுதான் ஆதாரம். வந்தவர், அனுமதி பெற்று வராதவர், பாதியில் எழுந்து போனவர் என்று அதைப் பார்த்தே எழுத வேண்டும்.

தலைப்புகளை நேர வரிசையில் போடுவது பலர் செய்வது. பேச்சு அப்படி நகர்வதில்லை. நம் கூட்டத்தில் பன்னிரண்டாம் நிமிடம் தொட்ட தண்ணீர்த் தொட்டியை விட்டு, வாகன நிறுத்தத்துக்குப் போய், நாற்பத்தோராம் நிமிடம் மறுபடி தொட்டிக்கே வருகிறார்கள். அங்கேதான் தலைவர், ‘மழைக்கு முன்னாடி வேலை முடியணும், எல்லாருக்கும் சம்மதந்தானே?’ என்று கேட்கிறார். எனவே நிகழ்ச்சி நிரலின் தலைப்புகளை முதலில் எழுதிவைத்து, சிதறிய பகுதிகளை ஒவ்வொன்றின் கீழும் கொண்டுவந்து சேர்ப்பதே சரியான வழி.

கூட்டப் பேச்சைச் சுருக்கும் துறையின் அடிப்படை ஆய்வுத் தொகுப்புகளில் ‘ஏஎம்ஐ’ ஒன்று. சுமார் 100 மணி நேரக் கூட்டப் பதிவுகள் அதில் உள்ளன. அவற்றில் பெரும்பகுதி, நான்கு பேர் கொண்ட குழுக்கள் தொலைக்காட்சி ரிமோட் ஒன்றை வடிவமைப்பதாக நடித்துக் கூடிய கூட்டங்கள். அவற்றை மனிதர்கள் பொதுச் சுருக்கம், முடிவுகள், சிக்கல்கள், செய்ய வேண்டிய வேலைகள் என நான்கு தலைப்பில் சுருக்கினார்கள். சுருக்கத்தின் வாக்கியங்கள் பேச்சின் எந்தப் பகுதியிலிருந்து வந்தவை என்றும் இணைத்துக் காட்டினார்கள். நாம் கடன் வாங்க வேண்டியது இந்த இரண்டாவது பழக்கத்தை. வரைவுக் குறிப்பில் ஒவ்வொரு வரியின் பக்கத்திலும் பதிவின் நிமிடத்தை எழுதிவிட்டால், சந்தேகம் வந்தவர் நேரே அங்கே போய்க் கேட்கலாம்.

இப்போது நம் எடுத்துக்காட்டின் பணிப் பட்டியல்:

| பணி | பொறுப்பு | கெடு | பதிவில் |
|---|---|---|---|
| தொட்டிப் பழுதுக்கு இரண்டாவது கொட்டேஷன் வாங்குதல் | உறுதி செய்ய வேண்டும் | 15-6-2025 | 12ஆம் நிமிடம் |
| வீட்டுக்கு 2,000 ரூபாய் வசூல் பற்றிச் சுற்றறிக்கை | செயலாளர் | 22-6-2025 | 43ஆம் நிமிடம் |

இரண்டாவது வரிசையில் தடையில்லை. 43ஆம் நிமிடத்தில் செயலாளர், ‘இருபத்திரண்டாம் தேதிக்குள்ள நான் அனுப்பிடுறேன்’ என்று தம் வாயாலேயே ஏற்றிருக்கிறார். முதல் வரிசை அப்படியல்ல. ‘வாங்கிடலாம்’ என்ற வினையில் ஆள் இல்லை. ‘சொல்லிடுங்க’ என்றவர் யாரைப் பார்த்துச் சொன்னார் என்பது ஒலிப்பதிவில் விழாது. பணம் தொடர்பானது என்பதால் பொருளாளர் பெயரைப் போட்டுவிடக் கை துறுதுறுக்கும். மென்பொருளும் கட்டத்தைக் காலியாக விட விரும்பாமல் ஒரு பெயரை நிரப்பிவிடக்கூடும். போடக் கூடாது. ஏற்காத வேலையை ஒருவர் தலையில் எழுதினால், அடுத்த கூட்டம் அந்தச் சண்டையிலேயே போய்விடும். தலைவரிடம் ஒரு போன் செய்து கேட்டு எழுதுவதே முறை. கெடுவைத் தேதியாக எழுதியதும் அதுபோலத்தான். ‘வர்ற ஞாயிறு’ என்று விட்டால், பத்து நாள் கழித்துப் படிப்பவருக்கு அது வேறொரு ஞாயிறு.

சுருக்கிய பின்னும் வேலை முடியாது. இந்தியக் கம்பெனிகள் சட்டத்தின் 118ஆம் பிரிவின்படி, கூட்டம் முடிந்த 30 நாளுக்குள் குறிப்பு மினிட்ஸ் புத்தகத்தில் ஏற வேண்டும். இயக்குநர் குழுவின் கூட்டமானால் 15 நாளுக்குள் வரைவை எல்லா இயக்குநர்களுக்கும் அனுப்ப வேண்டும், அவர்கள் 7 நாளுக்குள் திருத்தம் சொல்லலாம் என்கிறது செயலக நியதி. குடியிருப்புச் சங்கத்தை இந்த விதி கட்டுப்படுத்தாது. ஆனாலும் அதே முறையை உங்கள் சங்கத்திலும் கடைப்பிடியுங்கள். வரைவை நிமிடக் குறிப்புகளோடு எல்லோருக்கும் அனுப்புங்கள். அடுத்த கூட்டத்தில் குறிப்பு ஏற்கப்பட்டுத் தலைவர் கையெழுத்திடும்வரை ஒலிப்பதிவை அழிக்காதீர்கள்.