அச்சில் 3,542 என்றால் 3,542தான்

கோவை, திருப்பூர் வட்டாரத்து மில்களில் சம்பளச் சீட்டு இன்றும் துண்டுக் காகிதமாகத்தான் பலருக்குக் கைக்கு வருகிறது. வாங்கியவர் அதை நான்காக மடித்துச் சட்டைப்பையில் வைப்பார். வீட்டுக்கடனுக்கோ பி.எஃப். கணக்கைச் சரிபார்க்கவோ தேவை வரும்போது பிரித்து, கைப்பேசியில் படம் பிடித்து, கல்லூரியில் படிக்கும் மகளுக்கோ சங்க அலுவலகத்துக்கோ அனுப்புவார். அங்கே ஒருவர் அந்தப் படத்தைப் பார்த்து வரவுகள் ஒரு பட்டியல், பிடித்தங்கள் ஒரு பட்டியல் என்று கணினியில் ஏற்ற வேண்டும்.

பார்ப்பதற்கு எழுத்தர் வேலைதான். ஆனால் அதற்குள் ஓர் இடறல் இருக்கிறது. வரிகளைக் கூட்டிப் பார்த்தால் சீட்டில் அச்சாகியிருக்கும் மொத்தத்தோடு சில மாதங்களில் ஒத்துவராது. உடனே கை தானாகவே மொத்தத்தைத் திருத்தப் போகும். கணக்கு நேரானதாகத் தோன்றும், கூடவே சீட்டில் இருந்த ஒரு தகவலும் காணாமல் போய்விடும்.

ஒரு பஞ்சாலைத் தொழிலாளியின் சீட்டை எடுத்துக்காட்டாக வைத்துக்கொள்வோம். வேலைநாள் 26. வரவுப் பக்கம் அடிப்படைச் சம்பளம் 8,200.00, பஞ்சப்படி 4,630.00, வீட்டு வாடகைப்படி 1,500.00, இதரப்படி 640.00, ஓ.டி. 1,210.00. கீழே மொத்தம் 16,180.00. பிடித்தப் பக்கம் பி.எஃப். 1,540.00, ஈ.எஸ்.ஐ. 122.00, கேன்டீன் 780.00, அட்வான்ஸ் 1,000.00. கீழே மொத்தப் பிடித்தம் 3,542.00. கடைசி வரியில் கைக்கு வரும் சம்பளம் 12,638.00.

இந்த எண்களைப் படத்திலிருந்து எடுப்பதிலேயே முதல் பிசகு நடக்கும். பெரும்பாலான சீட்டுகளில் வரவும் பிடித்தமும் பக்கம் பக்கமாக, ஒரே கோட்டில் அச்சாகியிருக்கும். படம் சற்றுச் சாய்வாக எடுக்கப்பட்டிருந்தால் இடப்பக்கத் தலைப்புக்கு நேரே பார்க்கும்போது வலப்பக்கத்தில் ஒரு வரி மேலேயோ கீழேயோ உள்ள தொகை கண்ணில் படும். போதாக்குறைக்கு, ‘எல்.ஐ.சி.’, ‘வருமான வரி’ என்று தலைப்பு மட்டும் அச்சாகி, தொகை இல்லாத வெற்று வரிகள் நடுவில் நிற்கும். தலைப்புகளை எல்லாம் முதலில் எழுதிவிட்டு, பிறகு தொகைகளை மட்டும் மேலிருந்து கீழாக நிரப்புபவர் இங்கேதான் சறுக்குவார். கேன்டீன் தொகை எல்.ஐ.சி.யில் போய் உட்கார்ந்துகொள்ளும். மொத்தம் அப்போதும் சரியாகவே வரும் என்பதால் பிழை கண்ணில் படாது. ஒரு தலைப்பு, அதற்குரிய தொகை என்று வரி வரியாக எடுத்தால் இது நேராது. வெற்று வரி வெற்று வரியாகவே இருக்கட்டும். 0.00 என்று அச்சாகியிருந்தால் மட்டும் 0.00 என்று போட வேண்டும்.

சில சீட்டுகளில் ஒவ்வொரு வரவுக்கும் இரண்டு தொகை இருக்கும். ஒன்று முழு மாதத்துக்கு நிர்ணயித்த சம்பளம், மற்றது வந்த நாட்களுக்குக் கணக்கிட்ட சம்பளம். கூட்டலுக்குரியது இரண்டாவதுதான்.

அடுத்தது மொத்தம். அச்சிலுள்ள மொத்தத்துக்கு ஒரு கட்டம், நாமே கூட்டிய தொகைக்கு ஒரு கட்டம், இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்துக்கு ஒரு கட்டம் என்று மூன்றையும் தனித்தனியாக வைத்துக்கொள்வது நல்லது. முதல் கட்டத்தில் காற்புள்ளி, பைசா உட்பட அச்சில் உள்ளபடியே இருக்க வேண்டும். எக்செல் போன்ற தாளில் 3,542.00 என்று தட்டினால் கட்டத்தின் அமைப்பைப் பொறுத்து அது 3542 என்று மாறிவிடக்கூடும். முன்னால் ஓர் ஒற்றை மேற்கோள் குறி போட்டு `'3,542.00` என்று தட்டினால் மென்பொருள் அதை எழுத்தாக எடுத்துக்கொண்டு அப்படியே விட்டுவிடும். இரண்டாவது கட்டத்தில் `=SUM(B2:B5)` போலச் சூத்திரம் போடலாம். சூத்திரம் முதல் கட்டத்துக்குள் மட்டும் வரக் கூடாது.

இப்போது நம் சீட்டுக்கு வருவோம். வரவுப் பக்கம் கூட்டினால் 16,180, அச்சிலும் அதே. பிடித்தப் பக்கம் கூட்டினால் 3,442. அச்சில் 3,542. வித்தியாசம் சரியாக 100.

முதலில் சந்தேகப்பட வேண்டியது நம் கண்ணை. வித்தியாசம் முழு 100 என்றால் ஏதோ ஒரு வரியில் நூறாம் இடத்து இலக்கம் ஒன்று குறைவாகப் படிக்கப்பட்டிருக்கலாம். கேன்டீன் 880ஆக இருந்து, மடிப்பு விழுந்த இடத்தில் 8 நமக்கு 7ஆகத் தெரிந்திருக்கலாம். அல்லது அட்வான்ஸ் 1,100ஆக இருக்கலாம். படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தும் துலங்கவில்லை என்றால், ஒவ்வொரு வரியையும் சீட்டுக்கு உள்ளிருந்தே சோதிக்க வழி உண்டு.

பி.எஃப். தொழிலாளி பங்கு 12 சதவீதம். இந்தச் சீட்டில் அது அடிப்படைச் சம்பளமும் பஞ்சப்படியும் சேர்ந்த 12,830 ரூபாய்க்குக் கணக்கிடப்பட்டிருக்கிறது. பெருக்கினால் 1,539.60. அருகிலுள்ள முழு ரூபாய்க்குக் கொண்டுவந்தால் 1,540. சரி. ஈ.எஸ்.ஐ.யில் தொழிலாளி பங்கு 2019 ஜூலை முதல் 0.75 சதவீதம். ஓ.டி. உட்பட 16,180க்குப் பார்த்தால் 121.35 வருகிறது. சாதாரணமாக இதை 121 என்றுதான் போடத் தோன்றும். ஆனால் ஈ.எஸ்.ஐ.யில் பைசா எவ்வளவு இருந்தாலும் அடுத்த ரூபாய்க்கு ஏற்றுவதுதான் விதி. எனவே 122 சரி. இந்த விதி தெரியாமல் 121 என்று ‘திருத்தி’விடுபவர்களும் உண்டு.

கேன்டீனில் நாளொன்றுக்கு 30 ரூபாய் பிடிப்பதாகத் தொழிலாளி சொல்கிறார். 26 நாளுக்கு 780. இது 880ஆக இருக்க வழியில்லை. அட்வான்ஸ் தவணை முந்தின மாதச் சீட்டிலும் 1,000தான். ஆக, நான்கு வரிகளும் சரியாகவே படிக்கப்பட்டிருக்கின்றன.

பாக்கி இருப்பது ஐந்தாவதாக ஒரு வரி படத்தில் விடுபட்டிருக்குமோ என்ற சந்தேகம். படம் எடுத்தவரின் கட்டைவிரல் சீட்டின் ஓரத்தை மறைப்பது மிகச் சாதாரணம். சீட்டை மேசையில் நீவி வைத்து, ஃப்ளாஷ் போடாமல், நேர் மேலிருந்து, நான்கு மூலையும் தெரிய மறுபடி எடுக்கச் சொல்ல வேண்டும். அப்படி எடுத்த படத்திலும் அட்வான்ஸுக்குக் கீழே வேறு வரி இல்லை என்று வைத்துக்கொள்வோம். இப்போது கடைசி வரியைப் பாருங்கள். 16,180இலிருந்து 3,542ஐக் கழித்தால் 12,638. சீட்டும் அதையே சொல்கிறது, வங்கிக் கணக்கில் வரவான தொகையும் அதுவே.

ஆக அந்த 3,542 அச்சுப்பிழை இல்லை. சம்பளத்திலிருந்து 100 ரூபாய் நிஜமாகவே போயிருக்கிறது. எதற்காக என்ற தலைப்பு மட்டும் சீட்டில் இல்லை. பட்டியல் போட்டவர் மொத்தத்தை 3,442 என்று மாற்றியிருந்தால் கைக்கு வரும் சம்பளத்தையும் 12,738 என்று மாற்றியிருப்பார். வங்கிப் புத்தகத்தோடு மோதும் ஒரு போலிக் கணக்கு கிடைத்திருக்கும். நூறு ரூபாயைப் பற்றிக் கேட்க யாருக்கும் தோன்றியிருக்காது. ‘இதர பிடித்தம் 100’ என்று தாமாகவே ஒரு வரியைச் சேர்ப்பதும் இதே தவறுதான். சீட்டில் இல்லாத தலைப்பைப் பட்டியலில் உண்டாக்க நமக்கு உரிமை இல்லை. வித்தியாசக் கட்டத்தில் 100 என்று நிற்கட்டும்.

எல்லா வித்தியாசமும் இப்படிக் காசு போன கதையாக இருக்காது. அதே தொழிலாளி வேறொரு மாதம் இரண்டு நாள் விடுப்பு எடுத்து, ஓ.டி.யும் பார்க்கவில்லை என்று வைத்துக்கொள்வோம். 26க்கு 24 நாள் என்ற விகிதத்தில் நான்கு வரவுகளும் குறையும். முழு ரூபாயில் மட்டும் அச்சடிக்கும் சீட்டில் அவை 7,569, 4,274, 1,385, 591 என்று வரும். கூட்டினால் 13,819. ஆனால் அச்சில் மொத்தம் 13,818 என்று இருக்கும். மென்பொருள் பைசாவோடுதான் கணக்குப் போடுகிறது. உண்மையான மொத்தம் 13,818.46. ஒவ்வொரு வரியையும் தனியாக முழு ரூபாயாக்கியதில் மூன்று வரிகள் மேலே ஏறிவிட்டன, மொத்தமோ கீழே இறங்கிவிட்டது. இங்கே வரியும் சரி, மொத்தமும் சரி. ஒரு ரூபாயைச் சரிக்கட்ட எந்த வரியிலும் கை வைக்கத் தேவையில்லை.

வித்தியாசம் பி.எஃப். தொகைக்கு அச்சு அசலாகச் சமமாக இருந்தால் காரணம் வேறு. சில நிறுவனங்கள் முதலாளி செலுத்தும் பங்கையும் தகவலுக்காகப் பிடித்தப் பக்கத்தின் அடியிலேயே அச்சடித்துவிடுகின்றன. அது தொழிலாளியின் சம்பளத்திலிருந்து போகும் பணம் இல்லை. அதனால் மொத்தத்திலும் சேராது. தெரியாமல் கூட்டினால் பிடித்தம் 1,540 அதிகமாகத் தெரியும். அந்த வரியைப் பட்டியலில் தனி இடத்தில் ‘நிர்வாகப் பங்கு’ என்று குறித்தால் போதும். முந்தின மாதத்தோடு ஒப்பிடும்போது தொழில்வரியையும் மறந்துவிடக் கூடாது. தமிழ்நாட்டில் அது அரையாண்டுக்கு ஒருமுறை செலுத்தும் வரி. ஆண்டில் இரண்டு மாதம் மட்டும் தலைகாட்டிவிட்டுப் போகலாம்.

பெயரில்லாத அந்த 100 ரூபாய்க்கு இப்போது விளக்கம் கேட்டாக வேண்டும். சம்பளத்திலிருந்து எவற்றைப் பிடிக்கலாம் என்பதைச் சட்டம் வரையறுத்தே வைத்திருக்கிறது. முன்பு 1936ஆம் ஆண்டின் ஊதியப் பட்டுவாடாச் சட்டத்தில் 7ஆம் பிரிவு அதற்குரியதாக இருந்தது, இப்போது 2019ஆம் ஆண்டின் ஊதியச் சட்டத் தொகுப்பில் 18ஆம் பிரிவு அதற்குரியது. சங்கச் சந்தாவாகவோ தொழிலாளியே எழுதிக்கொடுத்த வேறொன்றாகவோகூட அந்த நூறு இருக்கலாம். எதுவானாலும் நிர்வாகம்தான் சொல்ல வேண்டும்.

கேட்பவர் சம்பளப் பிரிவுக்கு இப்படி எழுதினால் போதும்: “இந்த மாதச் சீட்டில் பிடித்த வரிகள் நான்கு. அவற்றின் கூட்டுத்தொகை 3,442. சீட்டில் மொத்தப் பிடித்தம் 3,542.00 என்று உள்ளது. மீதி 100 ரூபாய் எந்தத் தலைப்பில் பிடிக்கப்பட்டது என்பதைத் தெரிவிக்கவும்.” இதோடு பட்டியலை மட்டும் அனுப்பாமல், நான்கு மூலையும் தெரியும் அந்தப் படத்தையும் இணைத்து அனுப்புங்கள்.