"சரி" என்று மட்டும் அனுப்பினால் போதும், டீச்சர்

"எங்க வேலையைப் பத்தி ரெண்டு வரி எழுதித் தாங்களேன்." வேலை முடித்துப் பணம் வாங்கும்போது இப்படிக் கேட்காத சிறுதொழில்காரர் குறைவு. வாடிக்கையாளரும் மனதாரத்தான் "கண்டிப்பா தம்பி" என்கிறார். அந்த இரண்டு வரி வருவதே இல்லை.

அவருக்கு மனமில்லை என்று நினைத்துவிடக் கூடாது. எதைப் பற்றி எழுதுவது, எவ்வளவு எழுதுவது, பெயர் வெளியே வருமா என்று எல்லாவற்றையும் அவரே முடிவு செய்யும்படி விட்டுவிட்டோம். ஞாயிற்றுக்கிழமை பார்த்துக்கொள்ளலாம் என்று தள்ளிப்போடுகிறார். இரண்டு ஞாயிறு போன பிறகு, நம் அழைப்பை எடுக்கவே அவருக்குச் சங்கடமாகிவிடுகிறது. சின்ன உதவி கேட்கப் போய் நல்ல வாடிக்கையாளரைத் தூரமாக்கிக்கொள்கிறோம்.

மதுரையில் வீட்டு மாடிகளில் சோலார் பொருத்தித் தருகிற ஒருவரை எடுத்துக்கொள்வோம். பிப்ரவரியில், ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர் வீட்டில் 3 கிலோவாட் அமைக்கிறார். அன்றைக்கே கருத்துக் கேட்டால் டீச்சரிடம் சொல்ல என்ன இருக்கிறது? "பசங்க நல்லா வேலை செஞ்சாங்க" என்பார். அதைப் படித்து இன்னொரு வீட்டுக்காரர் லட்சக்கணக்கில் செலவு செய்யத் துணியமாட்டார்.

கேட்க வேண்டிய நாள் மின்கட்டணம் வரும் நாள். தமிழ்நாட்டில் வீடுகளுக்கு இரண்டு மாதத்துக்கு ஒருமுறைதான் கணக்கெடுப்பு. நெட் மீட்டர் மாட்டிய பிறகு வரும் முதல் பில்லில் பழைய மீட்டரின் நாட்களும் கலந்திருக்கலாம். அதனால் முழு இரண்டு மாதமும் சோலாரில் ஓடிய பில்லுக்காகக் காத்திருப்பது நல்லது. ஒப்பிடும்போது, போன வருடம் இதே மாதங்களுக்கு வந்த தொகையைத்தான் பக்கத்தில் வைக்க வேண்டும். ஏசி ஓடாத மார்கழி பில்லோடு சித்திரை பில்லை ஒப்பிட்டால் கணக்கு பொய் சொல்லும்.

போன வருடம் 5,900 ரூபாய் வந்த இடத்தில் இப்போது 1,100 வந்திருக்கிறது என்று வையுங்கள். டீச்சரே வாட்ஸ்அப்பில் பில்லைப் படமெடுத்து அனுப்பி, "ஏசி போட்டும் இவ்வளவுதான் தம்பி, நம்பவே முடியல" என்கிறார். அவர் தர வேண்டிய கருத்து அங்கேயே வந்துவிட்டது. அனுமதி ஒன்றுதான் பாக்கி. அன்று மாலைக்குள் இப்படிக் கேட்கலாம்:

"டீச்சர், நீங்க எழுதினதைப் பார்த்து ரொம்ப சந்தோஷம். 'போன வருஷம் 5,900 வந்த பில், இப்ப 1,100. ஏசி போட்டும் இவ்வளவுதான், நம்பவே முடியல.' இதை எங்க நோட்டீஸ்ல போட்டுக்கலாமா? பேர் வேண்டாம்னா 'ஓய்வுபெற்ற ஆசிரியை, மதுரை'ன்னு மட்டும் போடறேன். சரின்னு ஒரு வார்த்தை அனுப்பினா போதும். மாத்தணும்னா மாத்திச் சொல்லுங்க. வேண்டாம்னாலும் ஒண்ணும் இல்ல டீச்சர்."

மேற்கோளில் உள்ளவை அவருடைய வார்த்தைகளும் அவருடைய பில்லில் இருக்கும் தொகைகளும்தான். "மதுரையிலேயே சிறந்த சேவை" என்று நாமே ஒரு வரியைக் கோத்து ஒப்புதல் கேட்டால், தயவுக்காகச் சரி என்பார். ஆனால் அந்த வரியில் விளம்பர வாடை அடிக்கும். பதில் வராவிட்டால் ஒரு வாரம் கழித்து ஒரே ஒருமுறை நினைவூட்டலாம். "வெள்ளிக்கிழமைக்குள் சொல்லாவிட்டால் போட்டுவிடுவேன்" என்பது எந்த நாளும் கூடாது. மௌனம் சம்மதம் என்பது இந்த விஷயத்தில் செல்லாது.

இன்னும் விரிவாக, ஒரு பக்கக் கதையாக எழுத விரும்பினாலும் எழுத்து வேலை நம்முடையதுதான். டீச்சரிடம் கேட்பது கால் மணி நேரத் தொலைபேசிப் பேச்சு. சோலார் போடுவதற்கு முன் என்ன சிரமம், முடிவெடுக்க எது தயங்க வைத்தது, இப்போது என்ன மாறியிருக்கிறது என்ற மூன்று கேள்விகள் போதும். நடுக் கேள்விதான் தங்கம். அவருக்கு இருந்த தயக்கம்தான், படிக்கப்போகும் அடுத்தவருக்கும் இருக்கும். எழுதியதை அனுப்பி, அவர் பார்த்த பிறகே வெளியிட வேண்டும்.

கருத்துக்குக் கைமாறாகக் கழிவு தருவது வேண்டாம். மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையத்தின் 2022 வழிகாட்டுதல்கள், விளம்பரத்தில் ஒருவர் தரும் பரிந்துரை அவருடைய உண்மையான கருத்தாக இருக்க வேண்டும் என்கின்றன. கூகுளும் காசுக்கு எழுதிய மதிப்புரைகளை அனுமதிப்பதில்லை.

டீச்சர் சரி என்று அனுப்பும்போது கூடவே ஒரு வரி சேர்க்கலாம்: "ஆனா பலகையில தூசி படியுது, அடிக்கடி கழுவ வேண்டியிருக்கு." அதை வெட்டக் கை நீளும். வெட்டாமல் போடுங்கள். அடுத்த வீட்டுக்காரர் முதலில் கேட்கப்போவது அதைத்தான்.