15 எம்பிக்குள் ஒரு கும்மி

பள்ளி ஆண்டு விழாவில் மகளின் கும்மி நடனத்தை 6 நிமிடம் செல்போனில் எடுத்திருக்கிறீர்கள். ஊரில் இருக்கும் பாட்டிக்கு அதை வாட்ஸ்அப்பில் அனுப்ப வேண்டும். பார்த்தால், ஃபைல் 765 எம்பி. அப்படியே அனுப்ப முயன்றால் பாதியில் நின்றுவிடுகிறது. எப்படியோ போய்ச் சேர்ந்தாலும் பேத்தியின் முகம் சதுரம் சதுரமாகக் கலைந்து தெரிகிறது. ஒரு நொடி வீடியோவுக்கு எவ்வளவு இடம் கொடுப்பது என்ற முடிவை நாம் எடுக்காமல் ஆப்பின் பொறுப்பில் விட்டுவிடுவதுதான் இதற்குக் காரணம். அந்த முடிவை நாமே எடுக்க ஒரு பெருக்கலும் ஒரு வகுத்தலும் தெரிந்தால் போதும்.

அளவு எங்கிருந்து வருகிறது?

வீடியோவின் எடையை அதன் ரெசல்யூஷன்தான் தீர்மானிக்கிறது என்று பலர் நினைக்கிறார்கள். உண்மையில் அதைத் தீர்மானிப்பவை இரண்டு: எத்தனை நொடி ஓடுகிறது, ஒவ்வொரு நொடிக்கும் எத்தனை பிட் செலவாகிறது. இரண்டாவதைத்தான் பிட்ரேட் என்கிறோம். ரேஷன் கடையில் ஒரு கார்டுக்கு இவ்வளவு அரிசி என்று இருப்பதுபோல, ஒரு நொடிப் படத்துக்கு இவ்வளவு பிட் என்ற ஒதுக்கீடு அது.

பல ஆண்ட்ராய்டு போன்கள் 1080p தரத்தில் எடுக்கும்போது நொடிக்குச் சுமார் 17 மெகாபிட் செலவழிக்கின்றன. 6 நிமிடம் என்றால் 360 நொடி. 17ஐ 360ஆல் பெருக்கினால் 6,120 மெகாபிட். 8 பிட் சேர்ந்தது ஒரு பைட் என்பதால், 8ஆல் வகுத்தால் 765 மெகாபைட். அதாவது 765 எம்பி. நம் ஃபைலின் எடை இப்படித்தான் வந்தது.

இந்தக் கணக்கைத் திருப்பிப் போட்டால் விடை கிடைத்துவிடும். எத்தனை எம்பிக்குள் வேண்டும் என்பதை முதலில் முடிவு செய்து, நொடிக்கு எவ்வளவு கொடுக்கலாம் என்று கண்டுபிடிக்க வேண்டும். வாட்ஸ்அப்பில் நெடுங்காலம் வீடியோவுக்கு 16 எம்பி என்ற வரம்பு இருந்தது. பாட்டியின் போனுக்கும் டேட்டாவுக்கும் அது இன்றும் பொருத்தமான அளவுதான். வரம்பை உரசாமல் இருக்க நாம் 15 எம்பி என்று வைத்துக்கொள்வோம்.

முதலில் வெட்டு

6 நிமிடத்தில் பாட்டி பார்க்க வேண்டியது எவ்வளவு? முதல் 2 நிமிடம் திரை விலகுவதும் அறிவிப்பும். கடைசி 2 நிமிடம் கைதட்டலும் நாற்காலி இழுபடும் சத்தமும். நடனம் 2:10இல் தொடங்கி 4:10இல் முடிகிறது. அந்த 2 நிமிடத்தை மட்டும் வைத்துக்கொண்டால் தரத்தில் துளியும் குறையாமலே 765 எம்பி 255 எம்பியாகிவிடும். அதனால்தான் வெட்டுவது முதல் வேலை.

போனின் கேலரியிலேயே இதைச் செய்யலாம். ஐபோனில் வீடியோவைத் திறந்து எடிட் பொத்தானைத் தொட்டு, கீழே இருக்கும் பட்டையின் இரு முனைகளையும் உள்ளே இழுக்க வேண்டும். சேமிக்கும்போது Save Video as New Clip என்பதைத் தேர்ந்தெடுத்தால் அசல் வீடியோ அப்படியே இருக்கும். கூகுள் ஃபோட்டோஸில் Save copy அதே வேலையைச் செய்கிறது.

வெட்டும்போது ஒரு சிக்கல் வரலாம். வீடியோவில் வரும் படங்கள் எல்லாமே முழுப் படங்கள் அல்ல. அவ்வப்போது ஒரு முழுப் படம் வரும். அதற்குப் பின்னால் வருபவை, முந்தைய படத்திலிருந்து எது நகர்ந்தது, எது மாறியது என்ற குறிப்புகள் மட்டுமே. அந்த முழுப் படத்துக்குக் கீஃபிரேம் என்று பெயர். சில ஆப்கள் வேகமாக முடிப்பதற்காக வீடியோவை மறுபடி உருவாக்காமல் வெறுமனே வெட்டித் தருகின்றன. அப்படி வெட்டினால் கிளிப் ஒரு கீஃபிரேமில்தான் தொடங்க முடியும். கேமராவிலிருந்து நேராக வந்த வீடியோவில் பொதுவாக நொடிக்கு ஒரு கீஃபிரேம் இருப்பதால் பெரிய வித்தியாசம் தெரியாது. ஏற்கெனவே எடிட் செய்த, பலர் கைமாறி வந்த வீடியோக்களில் ஒரு கீஃபிரேமுக்கும் அடுத்ததற்கும் பல நொடி இடைவெளி இருக்கலாம். அப்போது நீங்கள் குறித்த இடத்துக்கு முன்பே கிளிப் தொடங்கும், அல்லது பாட்டுக் கேட்கும்போதே படம் சற்று நேரம் உறைந்து நிற்கும். இப்படி நடந்தால் போனில் வெட்டும்போது இரு பக்கமும் சில நொடி கூடுதலாக விட்டுவிடுங்கள். துல்லியமான வெட்டை அடுத்த கட்டத்தில் வைத்துக்கொள்ளலாம். அங்கே வீடியோ புதிதாக உருவாவதால் நீங்கள் சொன்ன இடத்திலேயே புதிய கீஃபிரேம் விழும்.

பிறகு கணக்கு

இப்போது கையில் 120 நொடி, இலக்கு 15 எம்பி. 15ஐ 8ஆல் பெருக்கினால் 120 மெகாபிட். அதை 120 நொடிக்குப் பங்கிட்டால் நொடிக்கு 1 மெகாபிட், அதாவது 1,000 கிலோபிட். இதில் ஒலிக்கு 96 கிலோபிட் போதும். மீதியில் 900ஐப் படத்துக்குக் கொடுக்கலாம். கேமரா 17,000 செலவழித்த இடத்தில் நம்மிடம் இருப்பது 900தான்.

ரெசல்யூஷன் பற்றிய கேள்வி இங்கேதான் எழுகிறது. நொடிக்கு 30 படம் ஓடுகிறது. 900 கிலோபிட்டை அவற்றுக்குப் பிரித்தால் ஒரு படத்துக்குச் சராசரியாக 30 கிலோபிட். 1080p படத்தில் 20 லட்சத்துக்கும் மேற்பட்ட புள்ளிகள் உண்டு. இவ்வளவு குறைந்த ஒதுக்கீட்டை அத்தனை புள்ளிகளுக்கும் பகிர்ந்தால் எதற்கும் போதாது. மென்பொருள் வேறு வழியின்றிப் பக்கத்துப் பக்கத்துப் புள்ளிகளை ஒரே சதுரமாகத் தீட்டிவிடும். முகம் கலைவது இதனால்தான். 480p படத்தில் இருப்பவை சுமார் 4 லட்சம் புள்ளிகள். அதே 30 கிலோபிட்டில் ஒவ்வொரு புள்ளிக்கும் ஐந்து மடங்கு பங்கு கிடைக்கிறது. குறைந்த பிட்ரேட்டில் 1080pஐவிட 480p தெளிவாகத் தெரிவதன் காரணம் இந்தப் பங்கீடுதான்.

எல்லா வீடியோவுக்கும் ஒரே ஒதுக்கீடு பொருந்தாது. ஒருவர் நாற்காலியில் அமர்ந்து பேசும் வீடியோவில் உதடும் கையும் மட்டுமே அசைகின்றன. மாற்றக் குறிப்புகள் குறைவு என்பதால் 900 கிலோபிட்டில் 720p கூட நன்றாக இருக்கும். கும்மியில் பதினைந்து பிள்ளைகள் ஒரே நேரத்தில் சுழல்கிறார்கள், மேடை விளக்கு நிறம் மாறுகிறது, எடுப்பவரின் கையும் ஆடுகிறது. ஒவ்வொரு படத்திலும் ஏறக்குறைய எல்லாமே மாறுகிறது. இதற்கு 480pதான் சரி.

கணினியில் ஏற்றுமதி

இந்த எண்களை உள்ளபடியே கொடுக்க, ஹேண்ட்பிரேக் என்ற இலவச மென்பொருள் வசதியானது. விண்டோஸ், மேக், லினக்ஸ் மூன்றிலும் ஓடும். வீடியோவை அதில் திறந்து, Range என்ற இடத்தில் நொடிக் கணக்கைத் தேர்ந்தெடுத்துத் தொடக்கத்தையும் முடிவையும் கொடுங்கள். துல்லியமான வெட்டு இங்கே நடந்துவிடும். ஃபைல் வகை MP4 ஆக இருக்கட்டும். Dimensions பகுதியில் அளவை 480pக்கு இறக்குங்கள்.

Video பகுதியில் H.264ஐத் தேர்ந்தெடுங்கள். 2013இல் வந்த H.265 இன்னும் குறைந்த இடத்தில் அதே தரத்தைத் தரக்கூடியது. ஆனால் 2003இல் வந்த H.264ஐ ஏறக்குறைய எல்லாப் பழைய போன்களும் திறக்கும். பாட்டியின் போன் எந்த ஆண்டு மாடல் என்று தெரியாதபோது பழையதே பாதுகாப்பானது.

அதே பகுதியில் Constant Quality என்ற தேர்வு முன்கூட்டியே குறிக்கப்பட்டிருக்கும். அது தரத்தைக் காப்பாற்றும், ஆனால் ஃபைல் எவ்வளவு வரும் என்பது முடிந்த பிறகுதான் தெரியும். நமக்கு அளவுதான் முக்கியம் என்பதால் Avg Bitrateக்கு மாற்றி 900 என்று கொடுங்கள். பக்கத்தில் உள்ள Multi-Pass Encodingஐயும் குறியுங்கள். பழைய பதிப்புகளில் இது 2-Pass Encoding என்று இருக்கும். இதைக் குறித்தால் மென்பொருள் வீடியோவை ஒருமுறை முழுதாக ஓட்டி, எங்கே அசைவு அதிகம், எங்கே குறைவு என்று குறித்துக்கொள்ளும். இரண்டாம் முறை அதற்கேற்ப அமைதியான இடத்தில் மிச்சம் பிடித்துச் சுழலும் இடத்துக்குக் கூட்டித் தரும். நேரம் கூடும், ஆனால் படம் தெளிவாக வரும். Audio பகுதியில் 96 என்று வைத்து ஏற்றுமதியைத் தொடங்கினால் சுமார் 15 எம்பியில் ஃபைல் தயாராகிவிடும்.

அனுப்பும் முன் மூன்று இடங்களை மட்டும் பாருங்கள்: முதல் இரண்டு நொடி, கடைசி இரண்டு நொடி, எல்லோரும் வேகமாகச் சுழலும் கட்டம். முதல் இரண்டில் வெட்டு சரியா என்று தெரியும். மூன்றாவதில் பாதங்களையும் பாவாடை விளிம்புகளையும் பாருங்கள். பிட் போதாத வீடியோ அங்கேதான் முதலில் சதுரமாகும். அப்படித் தெரிந்தால் கிளிப்பை இன்னும் குறைக்கலாம். ஒன்றரை நிமிடமாக்கினால் அதே 15 எம்பியில் நொடிக்கு 1,300 கிலோபிட்டுக்கு மேல் கிடைக்கும்.

அனுப்பும் வழியும் முக்கியம்

இவ்வளவு செய்த பிறகு வழக்கம்போல கேலரியிலிருந்து அனுப்பினால் வாட்ஸ்அப் அதை மறுபடியும் சுருக்கக்கூடும். ஒருமுறை சுருக்கிய வீடியோவை மறுமுறை சுருக்கும்போது, முதல் முறை விழுந்த கறைகளையும் சேர்த்தே அது பதிவு செய்ய வேண்டியிருக்கிறது. அதனால் இரண்டாம் முறை சேதம் கூடுதலாகத் தெரியும். இதைத் தவிர்க்க, பேப்பர் கிளிப் குறியைத் தொட்டு Document வழியாக அனுப்புங்கள். அந்த வழியில் ஃபைல் ஒரு பிட்டும் மாறாமல் போய்ச் சேரும். 2022 முதல் இந்த வழியில் 2 ஜிபி வரை அனுப்பலாம். ஆனால் பெறுபவரின் சேமிப்பும் டேட்டாவும் அதற்கேற்ப வளர்வதில்லை. இந்த வழியில் ஒரு சிறு குறையும் உண்டு. வீடியோ சாட்டுக்குள்ளேயே உடனே ஓடாமல் ஃபைலாக நிற்கும், தொட்டுத் திறக்க வேண்டும். பாட்டிக்கு அது பழக்கமில்லை என்றால், வெட்டிய கிளிப்பைச் சாதாரணமாக அனுப்பும்போது HD குறியைத் தொட்டு உயர்ந்த தரத்தைத் தேர்ந்தெடுப்பது அடுத்த நல்ல வழி.

சாட்டில் அனுப்பத்தான் எடுக்கிறீர்கள் என்றால் கேமரா அமைப்பிலேயே வேலையைக் குறைக்கலாம். ஐபோனின் அமைப்புப் பக்கமே இதைச் சொல்கிறது: நொடிக்கு 60 படம் வீதம் 4K தரத்தில் எடுத்தால் ஒரு நிமிடத்துக்குச் சுமார் 400 எம்பி, 30 படம் வீதம் 720pயில் எடுத்தால் 40 எம்பி.

அனுப்பி முடித்ததும் போனில் இடம் வேண்டும் என்று அசலை அழித்துவிடாதீர்கள். கணினியிலோ ஹார்ட் டிஸ்கிலோ ஒரு பிரதி எடுத்து வையுங்கள். பெரிய ஃபைலிலிருந்து 15 எம்பி கிளிப்பை எத்தனை முறை வேண்டுமானாலும் செய்துகொள்ளலாம். சுருக்கும்போது தூக்கி எறிந்த விவரங்களை 15 எம்பி கிளிப்பிலிருந்து திரும்ப எடுக்க முடியாது.