வெள்ளைப் பீங்கானில் படியும் காவிக் கறை

போர்வெல் தண்ணீரைப் பைப்பிலிருந்து நேராக ஒரு கண்ணாடி டம்ளரில் பிடித்தால் பளிங்காக இருக்கிறது. அதே தண்ணீர் ஓடும் வாஷ்பேசினில் குழாய்க்கு நேர்கீழே ஒரு காவிக் கோடு விழுந்திருக்கிறது. டாய்லெட் கோப்பையில் விளிம்புக்கு அடியிலிருந்து தண்ணீர் மட்டம் வரை பழுப்புத் தாரைகள் இறங்குகின்றன. சென்னையின் பல பகுதிகளில் அபார்ட்மென்ட்டுக்குக் குடிவந்த சில மாதங்களிலேயே இதைப் பார்த்துவிடலாம். பீங்கான் மட்டம் என்று கடைக்காரரோடு சண்டை போடுபவர்கள் உண்டு. வேலைக்கு வரும் அம்மா சரியாகத் தேய்ப்பதில்லை என்று குறை சொல்பவர்களும் உண்டு. இரண்டு பேர் மேலும் தப்பில்லை. தண்ணீரில் கரைந்து வரும் இரும்புதான் காரணம்.

நிலத்தடியில் ஆழத்தில், குறிப்பாகக் களிமண்ணும் மக்கிய தாவரப் பொருளும் கலந்த அடுக்குகளில், காற்று எட்டாது. அங்கே ஆக்சிஜன் தீர்ந்துபோனதும், மண்ணிலுள்ள துருவை அங்கு வாழும் நுண்ணுயிர்கள் கரையும் வடிவத்துக்கு மாற்றிவிடுகின்றன. இந்த இரும்புக்கு நிறமில்லை. சர்க்கரை கரைவதுபோல் கண்ணுக்குத் தெரியாமல் தண்ணீரோடு வருகிறது. மேலே வந்து காற்றுப் பட்டதும் மறுபடி துருவாகி, கரையாத பழுப்புத் துகளாகப் பிரிகிறது. பக்கத்து வீட்டுத் திறந்த கிணற்றில் கறை இல்லாமல், நம் போர்வெல்லில் மட்டும் இருப்பதற்கும் பெரும்பாலும் இதுவே காரணம். கிணற்றில் காற்று படுவதால் இரும்பு அங்கேயே பிரிந்து அடியில் தங்கிவிடுகிறது.

ஆகவே இரும்பு எப்படியும் துருவாகத்தான் போகிறது. அது நாம் விரும்பும் இடத்தில் துருவாகிறதா, வாஷ்பேசின் மேல் துருவாகிறதா என்பதுதான் கேள்வி. பில்டர், சம்ப், குளோரின், துடைக்கும் துணி எல்லாமே இந்த ஒரு கேள்விக்கான பதில்கள்.

அளவைப் பார்க்கலாம். ஒரு லிட்டரில் 0.3 மில்லிகிராம் இரும்பைத் தாண்டினாலே துணியிலும் பீங்கானிலும் கறை படியத் தொடங்கும் என்று உலக சுகாதார நிறுவனம் குறிப்பிடுகிறது. இந்தியக் குடிநீர் தரம் இப்போது 1 மில்லிகிராம் வரை அனுமதிக்கிறது. அதனால் ஆய்வில் தேறிய தண்ணீரும் கறை போடலாம். லிட்டருக்கு 3 மில்லிகிராம் இரும்புள்ள ஒரு வீட்டை எடுத்துக்கொள்வோம். நான்கு பேர் நாளைக்கு 800 லிட்டர் புழங்கினால், 2.4 கிராம் இரும்பு வீட்டுக்குள் வருகிறது. மாதத்துக்கு 72 கிராம். அது துருவாகும்போது எடை ஏறத்தாழ இரட்டிப்பாகும். இவ்வளவும் டேங்கின் அடியிலும், பைப்பின் உட்சுவரிலும், ப்ளஷ் டேங்கிலும், கோப்பையிலும் பங்கு போட்டுக்கொள்கிறது.

பணம் செலவழிக்கும் முன் ஒரு சோதனை செய்யுங்கள். மோட்டாரைச் சில நிமிடம் ஓடவிட்டு, சம்பில் விழும் முன்பே போர்வெல் தண்ணீரை ஒரு வெள்ளை பாட்டிலில் பிடித்து, பாதிவரை வைத்துக்கொண்டு நன்றாகக் குலுக்கி வையுங்கள். முதலில் தெளிவாக இருந்து சில மணி நேரத்தில் மஞ்சளாகிக் கலங்கினால், கரைந்த இரும்பு. பிடிக்கும்போதே பழுப்பாக இருந்தால், இரும்பு ஏற்கெனவே துருவாகிவிட்டது. போர்வெல்லில் தெளிவாக இருந்து, காலையில் திறக்கும் முதல் குழாய்த் தண்ணீர் மட்டும் பழுப்பாக வந்தால், பழைய ஜி.ஐ. பைப்பையும் சந்தேகிக்க வேண்டும். கறை கருப்பாக இருந்தால் மாங்கனீசும் சேர்ந்திருக்கிறது. ப்ளஷ் டேங்கின் உள்ளே கையில் வழுக்கும் செம்பழுப்புச் சளி படிந்திருந்தால் இரும்புப் பாக்டீரியா குடியேறியிருக்கிறது. அதற்குப் பில்டர் மட்டும் போதாது. போர்வெல்லையும் பைப்லைனையும் குளோரின் போட்டுக் கழுவ வேண்டும்.

எண்ணிக்கை வேண்டுமானால் தமிழ்நாடு குடிநீர் வடிகால் வாரியத்தின் மாவட்ட ஆய்வகத்திலோ தனியார் ஆய்வகத்திலோ கொடுக்கலாம். இரும்புக்கென்று தனி பாட்டில் கேளுங்கள். அதில் சில துளி அமிலம் சேர்த்திருப்பார்கள். சாதாரண பாட்டிலில் கொடுத்தால் வழியிலேயே இரும்பு பிரிந்து அடியில் படிந்துவிடும். மேலே உள்ள தெளிந்த தண்ணீரைச் சோதித்து, இரும்பு குறைவு என்று அறிக்கை வரும். பி.எச். அளவையும் கேட்டு வாங்குங்கள். அது ஏன் என்று பின்னால் தெரியும்.

இப்போது கறைக்கு வருவோம். பெரும்பாலான வீடுகளில் முதலில் கை போவது பிளீச்சிங் பவுடருக்கு. இது எதிர்விளைவைத் தரும். குளோரின் துருவைக் கரைக்காது. கரைந்திருக்கும் இரும்பையும் அந்த இடத்திலேயே துருவாக்கி, கறையை இன்னும் அழுத்தமாக்கும். துருவைக் கரைப்பது அமிலம். லேசான கறைக்குச் சிட்ரிக் ஆசிட், அதாவது எலுமிச்சை உப்பு, போதும். ப்ளஷ் டேங்குக்கு வரும் வால்வை மூடி, ஒருமுறை ப்ளஷ் செய்து, கோப்பையில் மிஞ்சிய தண்ணீரையும் மொண்டு எடுத்துவிடுங்கள். தண்ணீர் நின்றால் அமிலம் நீர்த்துப்போகும். ஒரு லிட்டர் வெதுவெதுப்பான நீரில் மூன்று மேசைக்கரண்டி சிட்ரிக் ஆசிட் கரைத்து, பழைய துணிகளை அதில் நனைத்து, விளிம்புக்கு அடியிலும் தாரைகள் மேலும் ஒட்டிவிட்டு இரவு முழுக்க விடுங்கள். காலையில் நைலான் பிரஷ்ஷால் தேய்த்தால் வந்துவிடும். இங்கே வேலை செய்வது நேரம், கைபலம் அல்ல.

வருடக்கணக்கில் ஊறிய கறைக்கு ஆக்சாலிக் ஆசிட் வேண்டும். மொசைக் பாலிஷ் போடுபவர்களுக்குத் தெரிந்த பொருள்தான். கெமிக்கல் கடையில் வெள்ளைப் பொடியாகக் கிடைக்கும். அது இரும்பைப் பிடித்துக் கரையும் சேர்மமாக்கிவிடுவதால், எலுமிச்சை உப்பு அசைக்காததையும் அசைக்கும். ஒரு லிட்டர் நீருக்கு ஒரு மேசைக்கரண்டி, இருபது நிமிடம், பிறகு ஏராளமான தண்ணீர். இது விழுங்கினால் விஷம். கையுறை கட்டாயம், பழைய தண்ணீர் பாட்டிலில் கரைத்து வைக்கவே கூடாது. எந்த அமிலத்தையும் பிளீச்சிங் பவுடரோடு சேர்க்காதீர்கள். பூட்டிய பாத்ரூமில் குளோரின் வாயு நுரையீரலைப் பதம் பார்க்கும். நேற்றுப் பிளீச்சிங் போட்ட கோப்பை என்றால் இரண்டு முறை ப்ளஷ் செய்துவிட்டுத் தொடங்குங்கள். மார்பிள் தரையிலும் குரோம் குழாயிலும் டைல்ஸ் இடுக்குச் சிமென்ட்டிலும் அமிலம் சொட்டாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

இரும்பு நார், உப்புத்தாள், மணல் போன்ற பொடி எதுவும் வேண்டாம். பீங்கானுக்கு மேலே கண்ணாடிபோல் உருகிப் படிந்த பூச்சில்தான் அதன் பளபளப்பு இருக்கிறது. அதில் கீறல் விழுந்தால் அடுத்த மாதத் துரு அந்தக் கீறலுக்குள் போய் உட்காரும். அப்படிக் கெட்ட பூச்சை வீட்டில் எதைப் போட்டும் திருப்ப முடியாது. கறை கையில் சொரசொரப்பாகத் தட்டுப்பட்டு, அமிலம் பட்டதும் நுரைத்தால், அது உப்புத் தண்ணீரின் சுண்ணாம்புப் படிவுக்குள் சிக்கிய இரும்பு. சுண்ணாம்பு கரையும்வரை அமிலத்தை இரண்டு மூன்று முறை மாற்றி வைக்க வேண்டும்.

ஒரு சின்ன பழுதை யாரும் கவனிப்பதில்லை. கோப்பையின் பின்சுவரில் எப்போதும் ஒரே இடத்தில் தாரை விழுந்தால், ப்ளஷ் டேங்கின் அடி வாஷர் கசிகிறது. நாள் முழுதும் மெல்லிய இழையாக வழியும் தண்ணீர் காற்றை நன்றாக வாங்கிக்கொண்டு, அங்கேயே இரும்பை விட்டுச் செல்கிறது. டேங்கில் சிறிது உணவு நிறத்தைக் கலந்து, ப்ளஷ் செய்யாமல் அரை மணி நேரம் கழித்துப் பாருங்கள். கோப்பையில் நிறம் தெரிந்தால் வாஷரை மாற்ற வேண்டும். குழாய்ச் சொட்டுக்கும் இதே கதைதான். வாஷ்பேசினை இரவில் கடைசியாகப் புழங்குபவர் ஒரு துணியால் துடைத்துவிட்டால், சொட்டு காய்ந்து கறையாவது பெருமளவு நிற்கும். வாரம் ஒருமுறை சிட்ரிக் ஆசிட் கரைசல் போட்டால் ஆக்சாலிக் ஆசிட் வரை போக வேண்டியிருக்காது.

ஆனால் 3 மில்லிகிராம் இரும்புள்ள வீட்டில் துடைத்துக்கொண்டே இருப்பது ஆயுள் தண்டனை. இரும்பை முன்னாலேயே நிறுத்த வேண்டும். அதிகம் ஏமாற்றப்படுவதும் இங்கேதான். ஐந்து மைக்ரான் கார்ட்ரிட்ஜ் பில்டரை வாங்கி மாட்டினால் கரைந்த இரும்பு அதன் வழியே தாராளமாகப் போய்விடும். துகளாக இருப்பது மட்டுமே அதில் நிற்கும். உப்பு மூட்டை போடும் சாஃப்ட்னர் கொஞ்சம் இரும்பைப் பிடிக்கும். ஆனால் அதன் ரெசின் துருவால் அடைத்துக்கொண்டு சீக்கிரம் செயலிழக்கும். இரும்பை எடுத்த பிறகே சாஃப்ட்னருக்குத் தண்ணீர் போக வேண்டும்.

செலவு குறைந்த வழி சம்பிலேயே இருக்கிறது. மோட்டார் தண்ணீர் ஒற்றைப் பைப்பாக விழாமல், துளையிட்ட பைப் வழியே ஷவர்போல் சிதறி விழட்டும். காற்று பட்டு இரும்பு பிரியும். இரவு முழுக்க அசையாமல் நின்றால் பெரும்பகுதி அடியில் படியும். மேலே ஏற்றும் பைப்பின் வாய் சம்பின் தரையிலிருந்து ஒரு அடியாவது உயரத்தில் இருக்க வேண்டும். இல்லாவிட்டால் படிந்த சேற்றையே மேலே ஏற்றுவோம். தண்ணீரின் பி.எச். 7-க்குக் கீழே போகப் போக, காற்று மட்டும் பட்டு இரும்பு பிரிவது மிகவும் மெதுவாகும். அங்கே குளோரின் உதவும். நம் 3 மில்லிகிராம் தண்ணீர் ஆயிரம் லிட்டருக்கு, நல்ல பிளீச்சிங் பவுடர் ஏறத்தாழ 7 கிராம் போதும். அதை வாளியில் கரைத்து, சுண்ணாம்பு அடங்கியபின் தெளிவை மட்டும் ஊற்றுங்கள். பீங்கான் மேல் கெடுதல் செய்த அதே குளோரின், சம்பில் நன்மை செய்கிறது.

இதிலும் அடங்காததற்கு ஐயர்ன் ரிமூவல் பில்டர் உண்டு: ஆளுயரப் பைபர் உருளை, உள்ளே மாங்கனீசு டை ஆக்சைடு பூசிய கருநிற மணல், தலையில் மல்டிபோர்ட் வால்வு. அந்த மணலின் மேற்பரப்பில் இரும்பு துருவாகி அங்கேயே மாட்டிக்கொள்ளும். மாட்டியதை அடிக்கடி எதிர்த்திசையில் தண்ணீர் விட்டு வெளியேற்ற வேண்டும், இதுதான் பேக்வாஷ். பில்டர்கள் பெரும்பாலும் சாகும் இடமும் இதுவே. இந்த மணல் கனமானது. அது கிளம்பி மிதக்க, வடிகட்டும்போது ஓடும் தண்ணீரைவிடப் பல மடங்கு வேகம் வேண்டும். மொட்டைமாடி டேங்கிலிருந்து இறங்கும் பைப்பில் பில்டரை மாட்டினால், அந்த அழுத்தம் மணலை அசைக்காது. சில மாதத்தில் அது கட்டிதட்டிப்போகும். மோட்டார் அழுத்தம் கிடைக்கும் இடத்தில், சம்புக்கும் மேல் டேங்குக்கும் நடுவே மாட்டச் சொல்லுங்கள். பேக்வாஷ் தண்ணீர் முதலில் அடர் பழுப்பாக வந்து, பத்துப் பதினைந்து நிமிடத்தில் தெளிய வேண்டும். அதற்கு முன்பே வால்வைத் திருப்பினால் பாதித் துரு உள்ளேயே இருக்கும். ஆரம்பத்திலிருந்தே தெளிவாக வந்தால் மணல் அசையவில்லை.

பில்டர் போட்ட முதல் வாரங்களில் கறை நிற்காவிட்டால் உடனே கம்பெனிக்காரரைத் திட்டிவிட வேண்டாம். பல வருடத் துரு மேல் டேங்கின் அடியிலும் பைப்புக்குள்ளும் ஒட்டியிருக்கிறது. அது கொஞ்சம் கொஞ்சமாகக் கழன்று வரும். டேங்கைக் காலிசெய்து சேற்றை வழித்து, குழாய் முனைச் சல்லடைகளைக் கழற்றிக் கழுவி, எல்லாக் குழாயையும் முழு வேகத்தில் சிறிது நேரம் திறந்துவிடுங்கள். அதன் பிறகும் சந்தேகம் இருந்தால், பில்டருக்கு முன்னும் பின்னும் ஒவ்வொரு பாட்டில் பிடித்து, குலுக்கி, மறுநாள் வரை பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். பின்னால் பிடித்ததும் மஞ்சளாகியிருந்தால், பில்டர் வேலை செய்யவில்லை என்று அந்தப் பாட்டிலைக் காட்டியே கேட்கலாம்.