தேதி மாறினால் வருமானமும் மாறும்

மாதாமாதம் 10,000 ரூபாய் எஸ்.ஐ.பி. ஓராண்டில் கட்டிய பணம் 1,20,000. இன்றைய மதிப்பு 1,27,680. லாபம் 7,680 ரூபாய், அதாவது 6.4 சதவிகிதம். ஆனால் முகவர் அனுப்பிய அறிக்கையில் 'ஆண்டு வருமானம் 13.8%' என்று அச்சாகியிருக்கிறது. இவற்றில் எதை நம்புவது?

உதாரணத்துக்காக எடுத்துக்கொண்ட கணக்குதான் இது. ஆனால் இப்படிப்பட்ட கேள்வி பலருக்கும் வரும். இரண்டு எண்களுமே சரியில்லை என்பதுதான் வேடிக்கை.

6.4 குறைவாகத் தெரிவதற்குக் காரணம் எளிது. முதல் தவணை மட்டும்தான் ஆண்டு முழுக்க முதலீட்டில் இருந்தது. கடைசித் தவணை இருந்தது ஒரே மாதம். எல்லாப் பணத்தையும் ஓராண்டு உழைத்ததாகக் கருதி லாபத்தை வகுப்பது நியாயமல்ல. வங்கி ஆர்.டி.யில் வட்டி பார்த்துப் பழகியவர்களுக்கு இது சட்டென்று பிடிபடும்.

எனவே ஒவ்வொரு தவணையும் எத்தனை நாள் உள்ளே இருந்தது என்று எண்ண வேண்டும். இந்தக் கணக்கில் தவணை நாள் 5-ஆம் தேதி, தொடக்கம் 2023 ஜனவரி, மதிப்பிட்ட நாள் 2024 ஜனவரி 5. பிப்ரவரி, மார்ச், நவம்பர் மாதங்களில் 5-ஆம் தேதி ஞாயிறு, ஆகஸ்டில் சனி. அந்தத் தவணைகள் அடுத்து வந்த திங்கட்கிழமைக்குத் தள்ளிப்போயின. முதல் தவணைக்கு 365 நாள், இரண்டாவதற்கு 333, கடைசிக்கு 31 என்று பன்னிரண்டையும் கூட்டினால் 2,377 நாள். சராசரி 198. அதாவது 198 நாளில் 6.4 சதவிகிதம் கிடைத்திருக்கிறது. அதை 365 நாளுக்கு விரித்தால் ஏறக்குறைய 11.8. காகிதமும் கால்குலேட்டரும் போதும், அறிக்கை எந்த அளவுக்கு நம்பத்தக்கது என்று தெரிந்துவிடும்.

துல்லியமான விடைக்குக் கணினியில் விரிதாளைத் திறக்க வேண்டும். முதல் பத்தியில் தேதிகள், இரண்டாவதில் தொகைகள். கையைவிட்டுப் போன பணத்துக்குக் கழித்தல் குறி, கடைசி வரியில் மதிப்பிட்ட நாளும் அன்றைய மதிப்பும் கூட்டல் குறியோடு. பிறகு இந்தச் சூத்திரம்:

```
=XIRR(B2:B14, A2:A14)
```

விடை 12.0 சதவிகிதம்.

அப்படியானால் 13.8 எங்கிருந்து வந்தது? தவணைகளை உண்மைத் தேதியில் எழுதாமல், மாதவாரியாகத் தொகுத்து ஜனவரி 31, பிப்ரவரி 28 என்று மாதக் கடைசியில் போட்டால் சராசரி 198 நாள் 173 ஆகச் சுருங்கிவிடும். லாபம் அதேதான், காலம் மட்டும் குறைகிறது. அதனால் வருமானம் வீங்குகிறது. ஏமாற்றும் எண்ணம் இல்லாமலே இது நேரலாம். ஆனால் படிப்பவர் கண்ணுக்கு 13.8 என்பது நல்ல திட்டம், 12 என்பது சுமார்.

உண்மைத் தேதிகளைக் கேம்ஸ், கேஃபின்டெக் போன்ற பதிவாளர்கள் தரும் கணக்கு அறிக்கையில் பார்க்கலாம். அங்கே தொகை 9,999.50 என்று இருந்தால் திகைக்க வேண்டாம். 2020 ஜூலை முதல் 0.005 சதவிகித முத்திரைத் தீர்வை பிடிக்கிறார்கள். கணக்கில் எழுத வேண்டியது உங்கள் வங்கியிலிருந்து போன 10,000. இடையில் பணம் எடுத்திருந்தாலோ, ஈவுத்தொகை வங்கிக்கு வந்திருந்தாலோ அதற்கும் தனி வரி வேண்டும். விட்டுவிட்டால் வருமானம் குறைத்துக் காட்டும். வங்கியில் இருப்பு இல்லாமல் திரும்பிப்போன தவணையை எழுதவே கூடாது.

சொந்தமாகச் சரிபார்ப்பவர்களும் சறுக்கும் இடம் ஒன்று உண்டு. விரிதாள் அமெரிக்க அமைப்பில் இருந்தால் 05/01/2023 என்பதை மே 1 என்று எடுத்துக்கொள்ளும். அப்போது பன்னிரண்டில் எட்டுத் தவணைகள் மே மாதத்திலேயே போய்க் குவியும். விடை ஏழு சதவிகிதத்துக்கும் கீழே இறங்கிவிடும். பிழைச் செய்தி எதுவும் வராது என்பதுதான் ஆபத்து. 05-Jan-2023 என்று மாதப் பெயரோடு எழுதினால் தொல்லையில்லை. சூத்திரம் #NUM! என்று காட்டினால் பெரும்பாலும் கழித்தல் குறி விட்டுப்போயிருக்கும்.

ஓராண்டு ஆகாத முதலீட்டில் இந்த எண்ணைப் பெரிதாக எடுத்துக்கொள்ளத் தேவையில்லை. மூன்று மாதத்தில் கிடைத்த ஐந்து சதவிகிதத்தைச் சூத்திரம் ஆண்டுக்கு 21.6 ஆக்கிக் காட்டும். அடுத்த ஒன்பது மாதமும் சந்தை அதே வேகத்தில் போகும் என்ற அனுமானம் அதற்குள் ஒளிந்திருக்கிறது. அத்தகைய அறிக்கையில் ரூபாய்க் கணக்கில் லாபம் எவ்வளவு என்று பார்ப்பதே போதும்.