பையில் எடுத்துச் செல்லும் விஎல்சி

விஎல்சி பிளேயரை இரண்டு விதமாகப் பெறலாம். இன்ஸ்டாலரை ஓட்டினால் விண்டோஸில் பதிந்துவிடும். ஜிப் கோப்பை விரித்து `vlc.exe`-ஐ இரட்டைச் சொடுக்கினாலும் படம் ஓடும். இந்த இரண்டாவதைத்தான் போர்ட்டபிள் என்கிறோம். ஆனால் ஜிப்பை பென்டிரைவில் போட்டதாலேயே அது முழுப் போர்ட்டபிள் ஆகிவிடாது. விஎல்சி தன் அமைப்புகளையும், நீங்கள் கடைசியாகப் பார்த்த படங்களின் பட்டியலையும் அந்தக் கணினியின் `%APPDATA%\vlc` ஃபோல்டரிலேயே எழுதி வைக்கும். பிரவுசிங் சென்டர் கணினியில் அப்படித் தடம் விட்டுவிட்டு வர யாருக்கு மனம் வரும்? `vlc.exe` இருக்கும் இடத்திலேயே `portable` என்ற பெயரில் ஒரு காலி ஃபோல்டரை உருவாக்குங்கள். பிறகு அமைப்புகள் எல்லாம் அதற்குள்ளேயே தங்கும்.

வீட்டுக் கணினிக்கு நான் இன்ஸ்டாலரையே சொல்வேன். வீடியோவைத் திறக்கும் செயலிகளின் பட்டியலில் விஎல்சியை அதுவே சேர்த்துவிடும். ஜிப்பில் அந்த வசதி இல்லை. புதிய பதிப்பு வந்தால் நாமே இறக்கி மாற்ற வேண்டும். அட்மின் பாஸ்வேர்டு கையில் இல்லாத அலுவலகக் கணினியில் ஜிப் கைகொடுக்கும், அலுவலக விதி அனுமதித்தால்.

எதுவானாலும் `videolan.org` தளத்திலிருந்து மட்டும் இறக்குங்கள். தேடலில் மேலே வரும் விளம்பர இணைப்பைத் தொடாதீர்கள். இறக்கியபின், கோப்பு இருக்கும் ஃபோல்டரில் கமாண்ட் ப்ராம்ப்டைத் திறந்து, நீங்கள் இறக்கிய கோப்பின் பெயரை இட்டு இதை அடியுங்கள்:

```
certutil -hashfile vlc-3.0.21-win64.zip SHA256
```

வரும் நீண்ட எண்ணெழுத்து வரிசை தளத்தில் உள்ளதோடு ஒத்துப்போக வேண்டும். ஓர் எழுத்து மாறினாலும் கோப்பை அழித்துவிட்டு மறுபடி இறக்குங்கள்.